பெட்டி வரவில்லை, ரசீது இருக்கிறது

கடையில் பொருளை வாங்கியதும் ரசீதைக் கசக்கிக் குப்பையில் போடுவது நம்மில் பலருக்குப் பழகிப்போன ஒன்று. வெளிநாட்டில் பெட்டி வந்து சேராத நாளில் அந்தத் துண்டுச் சீட்டுதான் பணம். சென்ற ஆண்டு பாரிஸில் இருந்த நான்கு நாட்களும் அப்படி ஒரு கட்டு ரசீதைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தேன்.

வானொலியில் பயணக் காப்புறுதி பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தபோது, நேயர்களின் அழைப்புகளில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வந்தது. “பெட்டி தாமதமானால் விமான நிறுவனம் பணம் தருமா, காப்புறுதி தருமா?” இரண்டும் தரலாம். ஆனால் இரண்டும் கேட்கும் கேள்வி வேறு. “எவ்வளவு செலவு செய்தீர்கள்?” என்பது விமான நிறுவனத்தின் கேள்வி. “எத்தனை மணி நேரம் தாமதம்?” என்பது காப்புறுதியின் கேள்வி. முதலாவதற்குப் பதில் ரசீது. இரண்டாவதற்குப் பதில், பெட்டி எப்போது கைக்கு வந்தது என்று சொல்லும் ஒரு தாள்.

என் கதைக்கு வருகிறேன். கல்லூரித் தோழிக்குப் பாரிஸில் திருமணம், சனிக்கிழமை காலை முகூர்த்தம். கோலாலம்பூரிலிருந்து வழியில் ஒரு விமானம் மாறி, வியாழக்கிழமை காலை 7 மணிக்குச் சார்ல்ஸ் டி கோல் நிலையத்தில் இறங்கினேன். பெல்ட் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. என் பெட்டி வரவில்லை. பட்டுச் சேலை, ரவிக்கை, மாற்றுத் துணி எல்லாம் அதற்குள்.

சுங்கச் சோதனையைத் தாண்டி வெளியே போகும் முன்பே அங்குள்ள பெட்டிச் சேவை முகப்பில் புகார் பதிய வேண்டும். அவர்கள் தரும் தாளுக்கு பி.ஐ.ஆர். என்று பெயர். விமான நிலையத்தின் மூன்று எழுத்து, விமான நிறுவனத்தின் இரண்டு எழுத்து, பிறகு ஐந்து இலக்கம் என்று ஓர் எண் அதில் இருக்கும். என்னுடையது CDG என்று தொடங்கியது. பெட்டியைத் தேடுவதும் பிறகு பணம் கேட்பதும் எல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான். கோலாலம்பூரில் பெட்டியை ஒப்படைத்தபோது தந்த டேக் ஒட்டுச்சீட்டையும் போர்டிங் பாஸையும் காட்டினேன். நான் தங்கும் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று படித்துப் பார்த்த பிறகே நகர்ந்தேன். இறங்கிய நேரமும் தாளில் பதிவாகியிருந்தது. காப்புறுதிக்கான கடிகாரம் அங்கிருந்து ஓடத் தொடங்குகிறது.

அடுத்தது கடை. இங்கே ஒரு சிக்கல். 2023 ஆகஸ்ட் 1 முதல் பிரான்சில் கடைகள் தாமாக ரசீது அச்சடித்துத் தருவதில்லை. காகிதத்தை மிச்சப்படுத்தக் கொண்டுவந்த சட்டம். நாம் கேட்டால்தான் கிடைக்கும். கடன் அட்டை இயந்திரத்தில் வரும் சீட்டு போதாது, என்ன பொருள் வாங்கினோம் என்பது அதில் இருக்காது. என்ன பொருள், என்ன விலை, எந்தத் தேதி, எந்தக் கடை என்ற நான்கும் தெரியும் ரசீதுதான் செல்லும்.

வியாழக்கிழமை மருந்தகத்தில் பல் துலக்கி, பற்பசை, சோப்பு, சானிட்டரி பேட் என 21 யூரோ. பக்கத்துத் துணிக்கடையில் உள்ளாடைகளுக்கு 24 யூரோ, ஒரு கால்சட்டைக்கும் கம்பளி மேலாடைக்கும் 54 யூரோ. வெள்ளிக்கிழமை கண் வில்லைக்கான திரவம் 9 யூரோ, கைப்பேசி சார்ஜர் 10 யூரோ. கல்யாணத்துக்குப் போட ஒரு ஜோடி காலணி 32 யூரோ. ரசீதுகளை அன்றன்று இரவே படம் பிடித்தேன். அந்தக் காகிதத்தில் எழுத்து வெப்பத்தால் பதிவது. நாளடைவில் மங்கிவிடும்.

வெள்ளிக்கிழமை மாலை வரை பெட்டி பற்றித் தகவல் இல்லை. லா ஷப்பல் பகுதிக்குப் போனேன். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். சேலை, தைத்த ரவிக்கை, உள்பாவாடை எல்லாம் சேர்த்து 140 யூரோவுக்கு எடுத்தேன். ரசீது கேட்டதும் கடைக்காரர் சிரித்தார்.

“பில் என்னத்துக்குப் பிள்ளை? பில் இல்லாமல் எண்டால் பத்து யூரோ குறைச்சுத் தாறன்.”

“குறைக்க வேண்டாம்ண்ணே, பில்தான் வேணும். விமானக்காரங்ககிட்ட காட்டணும்.”

அவர் கையால் எழுதித் தந்தார். சேலை, ரவிக்கை, பாவாடை என்று தனித்தனி வரியில் விலை போடச் சொன்னேன். கடைப் பெயரும் முகவரியும் பதிவு எண்ணும் உள்ள முத்திரையை வாங்கிக்கொண்டேன். அந்த முத்திரை இல்லாத கைச்சீட்டை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் என்று சொல்லி ஒதுக்கிவிடலாம்.

பெட்டி ஞாயிற்றுக்கிழமை இரவு 7 மணிக்கு விடுதிக்கு வந்தது. தோழி அதற்குள் தேன்நிலவுக்கே போய்விட்டாள். கொண்டுவந்தவர் கையெழுத்துக் கேட்டபோது, தேதியும் நேரமும் எழுதிய விநியோகச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்கினேன். வியாழன் காலை 7 முதல் ஞாயிறு இரவு 7 வரை 84 மணி நேரம். இது இரண்டாவது கேள்விக்கான தாள்.

பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். முகப்பில் பி.ஐ.ஆர். போட்டாயிற்று, இனி அவர்களே பணம் அனுப்புவார்கள் என்று காத்திருக்கிறார்கள். பி.ஐ.ஆர். பெட்டியைத் தேடச் சொல்லும் தாள். பணம் கேட்கும் கடிதம் தனி. மலேசியாவும் பிரான்சும் ஏற்றுக்கொண்டுள்ள 1999 மொன்றியல் ஒப்பந்தப்படி, தாமதத்துக்கான புகார் எழுத்து மூலம் போக வேண்டும். பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் அதை அனுப்பிவிட வேண்டும். பெட்டி உடைந்து வந்திருந்தால் அவகாசம் 7 நாட்கள்தான். நான் ஊர் திரும்பிய மூன்றாம் நாள், பி.ஐ.ஆர். எண், டேக், போர்டிங் பாஸ், விநியோகச் சீட்டு, ரசீதுகள் எல்லாவற்றையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். மொத்தம் 290 யூரோ. ஒவ்வொரு பொருளையும் ஏன் வாங்கினேன் என்று ஒரு வரி எழுதினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. 97 யூரோ தருவதாகச் சொன்னார்கள். மருந்தகப் பொருளும் உள்ளாடையும் கண் திரவமும் முழுமையாக, 54 யூரோ. மேலாடை, கால்சட்டை, காலணிக்குப் பாதி, 43 யூரோ. அவை இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன, தொடர்ந்து உடுத்துவேன் என்பது காரணம். பல விமான நிறுவனங்கள் இப்படித்தான் கணக்குப் பார்க்கின்றன. சார்ஜருக்கு ஒன்றுமில்லை, மின்சாதனங்களைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். சேலைக்கும் ஒன்றுமில்லை. “அத்தியாவசியப் பொருள் அல்ல” என்று ஒரே வரி.

சார்ஜரை விட்டுவிட்டேன். சேலையை விடவில்லை. ஒப்பந்தம் சொல்வது, தாமதத்தால் ஏற்பட்ட இழப்புக்கு நிறுவனம் பொறுப்பு என்பதுதான். இழப்பைத் தவிர்க்கத் தேவையான நியாயமான நடவடிக்கைகளை எல்லாம் எடுத்தோம் என்று காட்டினால்தான் அவர்கள் தப்ப முடியும். பற்பசைதான் அத்தியாவசியம் என்று அதில் எங்கும் இல்லை. எது அத்தியாவசியம் என்பது பயணத்தின் நோக்கத்தைப் பொறுத்தது. திருமண அழைப்பிதழை இணைத்தேன். முகூர்த்த நாளும் நேரமும் அதில் ஆங்கிலத்திலும் இருந்தன. பெட்டி வந்த நேரம் அதற்குப் பிந்தியது என்பதைக் காட்டினேன். பெட்டிக்குள் இருந்த பட்டுச் சேலையின் பழைய ரசீதையும் அனுப்பினேன். நான் வாங்கிய மாற்று அதன் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தேவைக்கு வாங்கினேன், வாய்ப்புக்கு வாங்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

மேலும் இரண்டு வாரம். சேலைக்கும் பாதி தர ஒப்புக்கொண்டார்கள், 70 யூரோ. மொத்தம் 167 யூரோ, ஏறக்குறைய 818 ரிங்கிட். அதற்கு மேல் நான் இழுக்கவில்லை. பதிலே வராமலோ பதில் நியாயமில்லாமலோ இருந்தால் சி.ஏ.ஏ.எம். எனப்படும் மலேசிய பொது வான் போக்குவரத்து ஆணையத்திடம் முறையிடலாம். 2025 ஆகஸ்ட் முதல் மாவ்கோம் செய்துவந்த வேலையும் அவர்களிடம்தான்.

காப்புறுதி நிறுவனத்துடன் இந்த வாதம் எதுவும் இல்லை. என் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு முழு 8 மணி நேரத் தாமதத்துக்கும் 200 ரிங்கிட், உச்சம் 600 ரிங்கிட். 84 மணி நேரம் என்பதால் உச்சத் தொகை. சேலை அத்தியாவசியமா என்று அவர்கள் கேட்கவில்லை. பி.ஐ.ஆர். தாளும் விநியோகச் சீட்டும்தான் கேட்டார்கள். சில காப்புறுதிகள் மணிக் கணக்கில் தராமல் ரசீதுப்படி தருகின்றன. அப்படியானால் விமான நிறுவனம் ஏற்கெனவே தந்ததைக் கழித்துவிட்டு மீதியைத்தான் தருவார்கள். விமானம் ஏறும் முன் உங்கள் ஒப்பந்தத்தில் ‘பெட்டித் தாமதம்’ என்ற பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு பணம், ரசீது வேண்டுமா, எத்தனை நாளுக்குள் விண்ணப்பம் என்ற மூன்றும் அங்கே இருக்கும். ஊர் திரும்பும்போது கே.எல்.ஐ.ஏ.வில் பெட்டி தாமதமானால் பல காப்புறுதிகள் குறைவாகத் தருகின்றன, அல்லது தருவதே இல்லை. வீட்டில்தான் மாற்றுத் துணி இருக்கிறதே!

என் கணக்கில் செலவு 1,421 ரிங்கிட், திரும்பி வந்தது 1,418 ரிங்கிட்.

பெட்டி வரவே இல்லை என்றால்? 21 நாள் கடந்தும் வராவிட்டால் அதைத் தொலைந்ததாகவே கருதி இழப்பீடு கேட்கலாம். அப்போது உள்ளே இருந்தவற்றின் பட்டியலை, வாங்கிய ஆண்டோடும் விலையோடும் தர வேண்டும். பழைய பொருளுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். விமான நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்ச வரம்பும் உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு; நம் பணத்தில் 8,000 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். இரண்டு பெட்டி போட்டாலும் வரம்பு அதே ஒன்றுதான். எனவே நகையையும் தாலியையும் கைப்பையில் வையுங்கள். குடும்பமாகப் போகும்போது ஒவ்வொருவர் பெட்டியிலும் எல்லோருக்கும் ஒரு நாள் துணியைப் பிரித்து அடுக்குங்கள். பூட்டும் முன் திறந்த பெட்டியை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றம் போக வேண்டி வந்தால் இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் அந்த 21 நாளுக்குள் கடிதம் போகாவிட்டால், தாமதத்துக்கு அங்கே போயும் பயனில்லை.