வெயிலா, விசிறியா?

சிவில் இஞ்சினீயர் என்றால் ஒரே ஜாதி என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு ஜாதி. காலை ஆறு மணிக்குத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு புழுதியில் இறங்குகிறவர் ஒருவர். காங்கிரீட்டைக் கையால் தொடாமலே அது எத்தனை பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவர் மற்றொருவர். முன்னவருக்குப் பின்னவர் “ஏட்டுச் சுரைக்காய்”. பின்னவருக்கு முன்னவர் “மேஸ்திரிக்கு மேஸ்திரி”. கதை எழுத வருவதற்கு முன்னால் நான் ஐந்து வருஷம் சைட்டிலும் ஆறு வருஷம் டிசைன் ஆபீஸிலும் இருந்தவன். ஆகையால் இரண்டு வசவும் எனக்குப் பழக்கம்.

இந்த வருஷம் படிப்பை முடித்த என் தங்கை மகனுக்கு இரண்டு பக்கமும் வேலை கிடைத்தது. விழுப்புரத்துக்கு அப்பால் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தில் மாதம் 28,000 ரூபாய். சென்னையில் ஒரு டிசைன் ஆபீஸில் 24,000. “நாலாயிரம் வித்தியாசந்தானே மாமா, அதற்காக வெயிலில் காய வேண்டுமா?” என்று கேட்டான்.

வித்தியாசம் நாலாயிரம் அல்ல. சைட்டில் தங்க அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் கம்பெனியே கொடுக்கிறது. சென்னையில் பங்கு அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் 11,000 போனால் மிஞ்சுவது 13,000. ஆகவே வித்தியாசம் பதினைந்தாயிரம். இதைக் கேட்டுப் பையன் முகம் மலர்ந்தது. “கொஞ்சம் பொறு, வேலை உத்தரவின் இரண்டாம் பக்கத்தைப் படி” என்றேன். அந்த 28,000-இல் 6,000 சைட் அலவன்ஸ். பாலம் முடிந்து அடுத்த சைட் கிடைக்கும் வரையில் தலைமை ஆபீஸில் உட்கார வைத்தால் அந்த ஆறும் போகும், அறையும் சாப்பாடும் போகும். 22,000-இல் 11,000 செலவு செய்தால் கையில் நிற்பது 11,000; டிசைன்காரரை விட இரண்டாயிரம் குறைவு! சம்பள உயர்வும் அலவன்ஸ் நீங்கிய தொகையின் மேல்தானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சைட் சம்பளம் ஆற்று நீர் மாதிரி; வரும்போது பிடித்து வைத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்குத்தான் அது சம்பளம்.

பிரயாணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டி கட்ட வேண்டும். இருபத்திரண்டு வயதில் அது உல்லாசம். குழந்தை ஒன்றாம் வகுப்பில் சேரும்போது அதே பெட்டி வீட்டில் சண்டையாக மாறும். என்னோடு சைட்டில் இருந்தவர்களில் பாதிப் பேர் வேலையை விட்டது வெயிலுக்குப் பயந்து அல்ல, பள்ளிக்கூடத்துக்குப் பயந்துதான்.

எதில் அதிகம் கற்கலாம் என்பதுதான் கொஞ்சம் விஸ்தாரமாகப் பேச வேண்டிய விஷயம்.

ஒரு மாடிக் கட்டடம். டிசைன் ஆபீஸிலிருந்து வந்த வரைபடத்தில் ஓர் உத்தரத்தின் அகலம் 230 மில்லிமீட்டர். ஒன்பது அங்குலச் சுவருக்குள் உத்தரம் மறைய வேண்டும் என்பதற்காக வைக்கிற அளவு அது. அடியில் 20 மில்லிமீட்டர் கம்பி ஐந்து, ஒரே வரிசையில். காகிதத்தில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. கம்பி கட்டும் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, “சார், இதுல ஜல்லி இறங்காது” என்றார்.

கணக்கைப் பாருங்கள். இரண்டு பக்கமும் கம்பி துருப்பிடிக்காமல் காக்கும் காங்கிரீட் உறை 25, 25. கம்பிகளைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கின் தடிப்பு பக்கத்துக்கு 8. இவை போக உள்ளே இருப்பது 164 மில்லிமீட்டர். ஐந்து கம்பிகள் 100 எடுத்துக்கொண்டால், மீதி 64-ஐ நான்கு சந்துகள் பங்கிட வேண்டும். சந்துக்கு 16. நாங்கள் போடுகிற ஜல்லியோ 20 மில்லிமீட்டர்! ஜல்லியின் அளவுக்கு மேல் 5 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது இந்தியத் தர விதி. அப்படியே கொட்டியிருந்தால் கல் மேலே தங்கிவிடும். பாலும் மணலும் மட்டும் கீழே வடியும். பலகையைப் பிரித்ததும் உத்தரத்தின் அடிவயிறு தேன்கூடு மாதிரிப் பொத்தல் பொத்தலாகத் தெரியும். கம்பியை எந்த இடத்தில் காங்கிரீட் இறுகப் பிடித்திருக்க வேண்டுமோ, அந்த இடத்தில் காற்று இருக்கும்.

“மூணைக் கீழே போட்டு ரெண்டை மேலே தூக்கிடலாம் சார்” என்றார் மேஸ்திரி. இடைவெளிக்கு அது சரி. கீழே மூன்று கம்பி என்றால் சந்துக்கு 52 மில்லிமீட்டர் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் மேலே போன இரண்டு கம்பிகளும் 40 மில்லிமீட்டர் உயர்ந்துவிடுகின்றன. ஐந்துக்கும் சராசரி பார்த்தால் 16. அந்த உத்தரத்தில் மேல் விளிம்பிலிருந்து கம்பி வரைக்கும் உள்ள ஆழம் 400. ஆழம் குறைந்தால் கம்பியின் பிடிமானமும் குறையும்; நூற்றுக்கு நான்கு பங்கு பலம் போகிறது. கண்ணால் பார்த்தால் இது தெரியாது. டிசைன் ஆபீஸுக்குப் போன் செய்தேன். அவர்கள் மறுபடி கணக்குப் போட்டு, மேல் வரிசையிலும் மூன்றாக ஆறாவது கம்பி ஒன்றைச் சேர்க்கச் சொல்லித் திருத்திய வரைபடம் அனுப்பினார்கள். சென்ட்ரிங் வேலை ஒரு நாள் நின்றது. காண்டிராக்டர் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

ஜல்லி இறங்காது என்பது மேஸ்திரிக்குத் தெரிந்தது. நூற்றுக்கு நான்கு போகும் என்பது கணக்குப் போட்டவருக்குத் தெரிந்தது. இரண்டும் ஒரே தலையில் இருப்பதற்குத்தான் இந்தத் தொழிலில் மதிப்பு. கம்பி கட்டுவதை ஒரு மழைக்காலமாவது நின்று பார்க்காத டிசைன்காரர் கம்ப்யூட்டர் கொடுத்த கம்பியை அப்படியே எழுதிவிடுவார். கணக்கை மறந்த சைட்காரர் மேஸ்திரி சொன்னபடி தூக்கிவிட்டு மாலையில் காங்கிரீட் போட்டுவிடுவார்.

எதிர்காலம் என்று வந்தால் இரண்டு வழிகளும் சம தூரம் போகின்றன என்று சொல்ல மாட்டேன். சைட்டில் மேலே போகப் போக இஞ்சினீயர் வேலை குறைந்து, ஆள், பணம், பில், வழக்கு என்று ஆகிவிடும். அதில் சாமர்த்தியம் உள்ளவர் பிராஜெக்ட் மானேஜராகி, அதே வயது டிசைன்காரரை விட அதிகம் சம்பாதிப்பார். தாமே காண்டிராக்ட் எடுத்தாலும் எடுப்பார். டிசைனில் ஏற்றம் மெதுவாக வரும். எம்.ஈ. பட்டம் இல்லாவிட்டால் பல ஆபீஸ்களில் படி ஏறவே விட மாட்டார்கள். ஆனால் கணக்குக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடும் நிலைக்கு வந்தவருக்கு அறுபது வயதிலும் வேலை உண்டு. அறுபது வயதில் சாரத்தில் ஏற முடியுமா?

பையனிடம் இரண்டு இடத்துக்கும் ஒரே கேள்வியை எழுதி அனுப்பச் சொன்னேன்: “முதல் வருஷம் என் கையில் என்ன வேலை கொடுப்பீர்கள், அதை யார் சரிபார்ப்பார்கள்?” டிசைன் ஆபீஸிலிருந்து வந்த பதில்: வெளிநாட்டு ஆபீஸ் ஒன்று போட்ட கணக்குக்கு இரண்டு வருஷம் வரைபடம் மட்டும் திருத்த வேண்டும். பாலத்திலிருந்து வந்த பதில்: தூண்களுக்குக் கம்பி அட்டவணை தயாரித்து, கட்டி முடித்ததைச் சரிபார்த்து, காங்கிரீட் போடும்போது நிற்க வேண்டும், மேலே பதினைந்து வருஷ அநுபவமுள்ள ஒருவர் இருப்பார். பதில்கள் இப்படித் தலைகீழாக வந்த பிறகு நான் சொல்ல என்ன இருக்கிறது? விழுப்புரத்துக்கே போகச் சொன்னேன். டிசைன் ஆபீஸ் கணக்கையே கையில் கொடுத்து, மாதம் ஒரு முறை சைட்டுக்கும் அனுப்புவதாக எழுதியிருந்தால் சென்னை என்றுதான் சொல்லியிருப்பேன், பதினைந்தாயிரம் போனாலும்.

ஒரு கெடு மட்டும் வைத்தேன். டிசைன் பக்கம் திரும்ப ஆசை இருந்தால் இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று. ஐந்து வருஷம் சைட்டில் இருந்துவிட்டு அந்தப் பக்கம் வருகிறவரைப் பெரும்பாலும் புதிதாகப் படித்து வந்த பையனோடு அதே மேஜையில், அதே சம்பளத்தில்தான் உட்கார வைக்கிறார்கள். என்னை அப்படித்தான் உட்கார வைத்தார்கள். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. டிசைன்காரர் சைட்டுக்குப் போவதில் இந்த நஷ்டம் இவ்வளவு இல்லை. ஆறு மாதம் மேஸ்திரிகள் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

சைட்டில் இருக்கும் காலத்தில் பாலத்தின் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, ஒரு தூணையாவது ராத்திரியில் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலான சைட்டுகளில் அந்தப் புத்தகம் அலமாரியில் பூட்டியே கிடக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்று போன முதல் வாரமே விசாரித்து வைத்துக்கொள்வது உத்தமம்.