இரண்டு ரீம் பேப்பர்

"அண்ணாச்சி, இத அமுக்கினீங்களா?" என்று செல்போன் கடைத் தம்பி கேட்டபோது எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "லேசா" என்றேன். அது பொய். மூன்று ராத்திரி அந்தப் போனின் மேல் இரண்டு ரீம் ஏ4 பேப்பரை ஏற்றி வைத்திருந்தேன். ஒரு ரீம் இரண்டு கிலோவுக்குக் குறையாது.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஒட்டு விட்ட அட்டைக்குப் பசை தடவி, மேலே பாரம் வைத்துக் காயவிடுவது எங்கள் பைண்டிங் பகுதியில் அன்றாட வேலை. போனின் திரை வலது ஓரத்தில் அரை நூல் அளவு தூக்கி நின்றதும் எனக்கும் அந்த வைத்தியம்தான் தோன்றியது. இடைவெளியில் கொஞ்சம் பசை விட்டேன். பேப்பரை ஏற்றினேன். காலையில் திரை படிந்திருந்தது. மத்தியானம் மறுபடி தூக்கியது, முந்தின நாளைவிடக் கொஞ்சம் கூடுதலாக. பசைதான் மட்டம் என்று அதைத் திட்டிக்கொண்டே மறுநாளும் அதையே செய்தேன்.

அடையாளங்கள் அதற்கு முன்பே இருந்தன. மேஜையில் மல்லாக்க வைத்து ஓரத்தில் தட்டினால் போன் பம்பரம்போல் சுற்றும். முதுகு சமமாக இருந்தால் சுற்றுமா? பின்பக்க உறை ஒரு பக்கம் மாட்டாமல் நழுவியது. இரவில் விளக்கை அணைத்தால் திரை விளிம்பில் வெளிச்சம் கசிந்தது. பவர் பொத்தான் இறுகிப்போயிருந்தது. நாலு வருடப் போன், இப்படித்தான் இருக்கும் என்று பதினொரு நாள் ஓட்டினேன். சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேரே.

தம்பி போனைக் கையில் வாங்கவில்லை. கண்ணாடி மேஜையில் வைக்கச் சொல்லிப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். "பசை விடல அண்ணாச்சி. உள்ள பேட்டரி உப்பியிருக்கு. அதுதான் தள்ளுது."

இட்லி மாவுப் பாக்கெட்டை வெயிலில் மறந்து வைத்தால் புளித்து, காற்று சேர்ந்து, தலையணை மாதிரி உப்புமே, ஏறக்குறைய அதே கதைதான். போன் பேட்டரி என்பது மெல்லிய அலுமினியப் பையில் அடைத்து ஒட்டிய ஒரு பொட்டலம். உள்ளே இரண்டு உலோகத் தகடுகள் சுருட்டியோ அடுக்கியோ இருக்கும். அவை ஒன்றையொன்று தொடாமலிருக்க நடுவில் தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் தாள், எல்லாவற்றையும் நனைத்தபடி தீப்பற்றக்கூடிய ஒரு திரவம். பேட்டரி பழசாகும்போதும், முழு சார்ஜில் சூட்டிலேயே கிடக்கும்போதும் அந்தத் திரவம் சிதைந்து வாயுவாகிறது. பை ஒட்டி மூடியிருப்பதால் வாயு போக வழியில்லை, உப்புகிறது. என் போனுக்கு இரண்டு தண்டனையும் உண்டு. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம்வரை சார்ஜரில் சொருகியபடி, மேற்கு ஜன்னல் ஓரம், யூபிஎஸ் பெட்டியின் மேல்தான் அதன் வாசம்.

நான் பாரம் ஏற்றியபோது அந்த வாயு எங்கும் போகவில்லை. உள்ளேயிருந்த தகடுகளும் தாளும்தான் நசுங்கின. தாள் ஓரிடத்தில் கிழிந்து தகடுகள் தொட்டுக்கொண்டால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிடும். அந்தச் சூட்டில் பேட்டரி தானாகவே மேலும் மேலும் சூடேறிப் பற்றிக்கொள்ளும். ஊசி குத்தினாலும் இதேதான். காற்றை இறக்கிவிடலாம் என்று குண்டூசி எடுத்தவர்களைத் தம்பி பார்த்திருக்கிறாராம். அந்த யோசனை எனக்கு வராமல் போனது என் அறிவால் அல்ல, பேப்பர் ரீம் பக்கத்தில் இருந்ததால்.

"சார்ஜ் எவ்வளவு இருக்கு?"

எண்பது சதவீதம். சார்ஜ் கூடுதலாக இருக்க இருக்க, பற்றினால் வேகமும் கூடுதல். அப்படியானால் படம் ஓடவிட்டுச் சார்ஜைக் குறைத்துவிடலாமே என்றேன். வேண்டாம், ஓடினால் சூடாகும் என்று அவரே அணைத்தார். அதற்குப்பின் ஆன் செய்யவும் கூடாது, சார்ஜரில் போடவும் கூடாது. ஒரு மணி நேரம் கொடுத்தால் படங்களையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுவேன் என்று கெஞ்சினேன். அவர் சிரித்தார். படங்கள் இருப்பது பேட்டரியில் இல்லை, போர்டில் இருக்கிற சேமிப்புச் சில்லில். வேறு பேட்டரி போட்டதும் அவை அப்படியே இருக்கும். இவ்வளவு சின்ன விஷயம் தெரியாமல்தான் பலரும் உப்பின போனைக் கடைசியாக ஒருமுறை சார்ஜில் போடுகிறார்கள். சிம் தட்டு லேசாக வந்தது, எடுத்து என் மனைவியின் போனில் போட்டுக்கொண்டேன். வராவிட்டால் நெம்பக் கூடாது.

இனி பேட்டரி. போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் எங்கள் ஊரில் இல்லை. போனில் கேட்டால் கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். உப்பியிருக்கிறது, திரை தூக்கியிருக்கிறது என்று விவரம் சொன்னதும் குரல் மாறியது, வேண்டாம் என்றார்கள். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், அதுவும் என் தப்புதான். பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றத் தடை உண்டு. கூரியர் பெட்டி எந்த வழியில் போகும் என்று நமக்கென்ன தெரியும்? பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோகவும் மனம் வரவில்லை. தம்பியே அதே மாடலுக்கு ஒரிஜினல் பேட்டரி வரவழைப்பதாகச் சொன்னார். இரண்டு நாள் ஆகும்.

அந்த இரண்டு நாள் போன் எங்கே இருக்கும்? பட்டாசு ஊர்க்காரனுக்கு இதற்குப் பதில் தெரியும். அச்சக வாசலில் தொங்குகிற சிவப்பு மணல் வாளிகளில் ஒன்றை இறக்கி, காய்ந்த மணலில் போனைக் கிடத்தி, மேலேயும் மணல் தூவி, பின்கட்டில் நிழலான சிமெண்டுத் தரையில் வைத்தேன். காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கக் கூடாது, வாயு வெளியேற வழி வேண்டும். குளிரட்டும் என்று பிரிட்ஜில் வைப்பதும் கூடாது. மணல் பேட்டரித் தீயை அணைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம், தீ பக்கத்துக்குப் பரவாமல் தடுக்கும், அவ்வளவுதான். உஸ் என்று சத்தமோ, நகப்பூச்சு அழிப்பான் போன்ற வாடையோ, புகையோ வந்தால் கிட்டே போகாமல் எல்லோரையும் வெளியேற்றி 101-ஐ அழைக்க வேண்டும். அந்தப் புகை விஷம்.

மூன்றாம் நாள் மணலோடு ஒரு எவர்சில்வர் தூக்கில், மூடியில்லாமல், நடந்தே கடைக்குக் கொண்டுபோனேன். தம்பி என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். திரையைக் கழற்றியதும் பேட்டரி இணைப்பைத்தான் முதலில் பிரித்தார். சூடு காட்டவில்லை. ஓரங்களில் ஆல்கஹால் சொட்டு விட்டு, பசை இளகும்வரை காத்திருந்து, பிளாஸ்டிக் பட்டையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார், இரும்புக் கருவி எதையும் கிட்டே கொண்டுவரவில்லை. வெளியே வந்ததைப் பார்த்தேன். தட்டையாக இருக்க வேண்டியது சின்னத் தலையணையாக இருந்தது. நடுவில் நேராக ஒரு மடிப்பு. அது எப்படி விழுந்தது என்று அவர் கேட்கவில்லை.

புதுப் பேட்டரியின் மாடல் எண்ணைப் பழசோடு ஒப்பிட்டு, தயாரித்த தேதியையும் காட்டிவிட்டுத்தான் பொருத்தினார். வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த ‘புது’ பேட்டரியும் பழசுதான். திரைக்குப் புது ஒட்டு போட்டாலும் தண்ணீர் தாங்கும் உத்தரவாதம் இனி கிடையாது என்றார். படங்கள் எல்லாம் இருந்தன.

பழைய பேட்டரியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடலாமா என்றேன். அங்கே சுத்தியலால் தட்டுவார்கள் என்று இணைப்பு முனையில் டேப் ஒட்டி அதே மணலுக்குள் வைத்துக்கொண்டார், மின்கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுக்க. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழசைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. குப்பைத் தொட்டியில் மட்டும் போடாதீர்கள், குப்பை வண்டியின் அழுத்தும் இயந்திரம் என் இரண்டு ரீமைவிடக் கனமானது.

போன் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. திரையின் வலது மூலையில் பாரம் அழுத்திய இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு நிரந்தரமாக நிற்கிறது.