பச்சைப் போத்தலை ஏன் தனியாகப் போடச் சொல்கிறார்கள்?

எங்கள் ஊரில் பிளாஸ்டிக் வாங்க வருகிற நானா ஒரு விசயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். வெள்ளைப் போத்தலும் பச்சைப் போத்தலும் ஒரே உரப்பையில் கலந்து கிடந்தால், முழுப் பைக்கும் குறைந்த விலையைத்தான் சொல்வார். மூடியோடு இருந்தால் முகத்தைச் சுளிப்பார். கல்யாண வீட்டில் கஷ்டப்பட்டுச் சேர்த்துவைத்த பிள்ளைகளுக்கு இது அநியாயமாகப் படுகிறது. "எல்லாம் பிளாஸ்டிக்தானே சேர்?" என்று தரம் 9 பிள்ளைகள் என்னிடமும் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. பதில் அவரிடம் இல்லை, அவர் விற்கிற தொழிற்சாலையில் இருக்கிறது. அந்தப் போத்தலுக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தண்ணீர்ப் போத்தலும் சோடாப் போத்தலும் பெட் (PET) என்ற பிளாஸ்டிக். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருக்கும். அடியின் நடுவில் சிறிய புள்ளி போல ஒரு தடிப்பும் தெரியும். பலரும் கவனிக்காத விசயம் ஒன்று: இந்தப் பெட்டும், நாங்கள் உடுத்துகிற பொலியெஸ்டர் சீலையும் ஒரே பொருள்தான். போத்தலாக ஊதினால் போத்தல், நூலாக இழுத்தால் சீலை. ஆகவே போத்தலை நூலாக்க புதிதாக எந்த இரசாயனமும் செய்யத் தேவையில்லை. சுத்தமாக்கி, உருக்கி, இழுத்தால் போதும். எங்கள் நாட்டிலேயே ஹொரணையில் ஈகோ ஸ்பிண்டில்ஸ் தொழிற்சாலை இதைச் செய்கிறது. போத்தலில் இருந்து அங்கே நூலும், தூரிகைகளுக்கான தும்பும் வருகின்றன. 2019 உலகக் கிண்ணத்தில் எங்கள் கிரிக்கெட் அணி போட்ட ஜேர்சியும் கடற்கரையில் சேர்த்த பிளாஸ்டிக்கில் இருந்து வந்ததுதான்.

சொல்லும்போது இலகு. "சுத்தமாக்கி" என்ற அந்த ஒரு சொல்லுக்குள்தான் நிறமும் மூடியும் வருகின்றன.

தொழிற்சாலைக்கு வருகிற போத்தலை முதலில் வகை பிரிக்கிறார்கள். பிறகு தண்ணீர் ஊற்றியபடியே அரைக்கிறார்கள். சுண்டுவிரல் நகம் அளவு, அதாவது ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் சீவல்களாக வரும். இதைத்தான் பிளேக் என்கிறார்கள். அடுத்து அந்தச் சீவல் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் போகிறது. இந்த இடத்தில் நடப்பதை எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம். நான் வகுப்பில் செய்து காட்டினேன். போத்தலில் ஒரு துண்டும், மூடியில் ஒரு துண்டும் கத்தரித்து ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டு அமிழ்த்தி விட்டோம். போத்தல் துண்டு அடியில் போய் இருந்தது. மூடித் துண்டு மேலே வந்து மிதந்தது.

காரணம் அடர்த்தி. பெட்டின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1.35 கிராம். தண்ணீர் 1. மூடி பெட் இல்லை. அது பொலி எதிலீன் அல்லது பொலி புறொப்பிலீன். அவற்றின் அடர்த்தி 0.90க்கும் 0.96க்கும் இடையில். கழுத்தில் மிஞ்சி நிற்கிற வளையமும் அதே இனம்தான். தொட்டியில் பெட் கீழே இறங்க, மூடியும் வளையமும் மேலே மிதந்து வேறாகப் போய்விடும்.

"அப்படியென்றால் மூடியோடு கொடுத்தால் என்ன சேர், அதுதான் மிதந்து போய்விடுமே?" என்று பின்வாங்கில் இருந்து ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை 3 முதல், குடிபானப் போத்தலின் மூடி போத்தலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பது சட்டம். கழன்ற மூடி தெருவிலும் கடலிலும் போய்ச் சேரக்கூடாது என்பதற்காக. அங்கே தொட்டி அந்த வேலையைச் செய்துகொள்ளும்.

எங்கள் பக்கம் மூடியைக் கழற்றச் சொல்வதற்கு முதல் காரணம் காற்று. மூடி இறுகியிருந்தால் போத்தலை மிதித்துத் தட்டையாக்க முடியாது. லொறியில் பாதி காற்றைத்தான் ஏற்றிக்கொண்டு போக வேண்டி வரும். இரண்டாவது, உள்ளே மிஞ்சிய சோடா. மூடியிருக்கிற போத்தலுக்குள் அது புளித்துப் போகும், நிறையிலும் சேரும். தண்ணீரின் நிறைக்கு யாரும் காசு தர மாட்டார்கள். மூன்றாவது, எல்லாத் தொட்டியும் நூறு வீதம் பிரித்துவிடாது. அரைக்கும்போது மூடியின் சிறு துணுக்கு பெட் சீவலோடு ஒட்டிக்கொண்டு அடிக்குப் போவதுண்டு. அந்தத் துணுக்கு செய்கிற வேலையைக் கீழே சொல்கிறேன்.

தொட்டியில் இருந்து வந்த சீவலைச் சுடுநீரில் காஸ்டிக் சோடா சேர்த்துக் கழுவுகிறார்கள். வெப்பம் 80 பாகை செல்சியசுக்கு மேல். லேபல் ஒட்டிய பசையும், எண்ணெயும், சீனியும் இதில் கழன்றுவிடும். ஆனால் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்த போத்தல் இதற்கும் அசையாது. மண்ணெண்ணெய் மேற்பரப்பில் நிற்பதில்லை, பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிவிடும். அப்படிப்பட்ட போத்தலை மற்றவற்றோடு போடாமல் இருப்பதே நல்லது.

கழுவியதை நன்றாக உலர்த்த வேண்டும். வெயிலில் காய்ந்த சீலை அளவு உலர்ந்தால் போதாது. உருக்கும் வெப்பத்தில் சிறிதளவு ஈரம் இருந்தாலும் அது பெட்டின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியை வெட்டிவிடும். சங்கிலி குட்டையானால் நூல் இழுக்கும்போதே அறுந்துபோகும்.

இப்போது நூல் வருகிற இடம். உலர்ந்த சீவலை 270, 280 பாகையில் உருக்குகிறார்கள். நுண்ணிய உலோக வலைகளால் வடிகட்டி, நூற்றுக்கணக்கான சிறு துளைகள் உள்ள ஒரு தகட்டின் ஊடாக அழுத்துகிறார்கள். இடியப்ப உரலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் துளை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரின் கால்வாசி அளவுதான். வெளியே வருகிற இழையைக் குளிர்காற்றில் உறையவைத்து, வேகமாக இழுத்து மெல்லியதாக்கி, பிறகு இன்னும் மூன்று நான்கு மடங்கு நீட்டுகிறார்கள். அந்த நீட்டல்தான் இழைக்குப் பலம் கொடுக்கிறது. கடைசியில் இழையின் தடிப்பு 12 முதல் 15 மைக்ரோன். எங்கள் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரோன். முடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூடித் துணுக்கின் வேலை இங்கேதான். மூடியின் பிளாஸ்டிக் பெட்டோடு கலக்காது, தண்ணீரில் எண்ணெய் போலத் துளித்துளியாக நிற்கும். 15 மைக்ரோன் இழைக்குள் 20 மைக்ரோன் துளி ஒன்று வந்தால் அந்த இடத்தில் இழையே இல்லை, துளிதான் இருக்கிறது. இழுத்தவுடன் அறுந்துவிடும். ஒரு இழை அறுந்தால் பக்கத்து இழைகளில் சுற்றிக்கொள்ளும், இயந்திரத்தை நிறுத்த வேண்டி வரும்.

மூடியை விட மோசமான ஒன்றும் இருக்கிறது. சில போத்தலில் உடம்பு முழுக்க இறுக்கிச் சுற்றிய லேபல் வரும். அது பீவீசியாக இருந்தால் அதன் அடர்த்தியும் ஏறத்தாழ பெட்டின் அடர்த்திதான். தொட்டியில் பெட்டோடு சேர்ந்து அடிக்குப் போகும். பெட் உருகுகிற வெப்பத்தில் பீவீசி கருகி ஐதரசன் குளோரைட்டு வாயுவை விடும். அந்த அமிலம் பெட்டின் சங்கிலியை வெட்டும், கருகியது கறுப்புப் புள்ளியாக நூலில் நிற்கும். ஒரு தொன் சீவலுக்கு நூறு கிராம் பீவீசி என்பதே அதிகம். அதனால் முழுதாகச் சுற்றிய லேபலைக் கிழித்துவிட்டுக் கொடுப்பது பெரிய உதவி.

இனி நிறம். கழுவினால் அழுக்குப் போகும், பச்சை போகாது. அது மேலே பூசிய நிறம் அல்ல, போத்தல் செய்யும்போதே பிளாஸ்டிக்குக்குள் கலந்த நிறம். உருக்கினாலும் அங்கேயே இருக்கும். நிறமில்லாத போத்தலில் இருந்து வெள்ளை நூல் வரும். வெள்ளை நூலை ரோஸ், மஞ்சள், இள நீலம் என்று எந்த நிறத்துக்கும் சாயம் போடலாம். பச்சைப் போத்தலில் இருந்து பச்சை நூல்தான் வரும். அதைக் கடும் பச்சையாகவோ கறுப்பாகவோ மட்டும்தான் ஆக்கலாம். வாங்குகிற ஆள் குறைவு, விலையும் குறைவு. இள நீலப் போத்தல் கொஞ்சம் கலந்தால் பெரிதாகத் தெரியாது. பச்சை கலந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். இதற்காகவே 2022இல் வட அமெரிக்காவில் ஸ்பிரைட்டின் பச்சைப் போத்தலையே கைவிட்டு, நிறமில்லாத போத்தலுக்கு மாறினார்கள்.

ஒரு கல்யாண வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் 600. மூடியும் லேபலும் நீங்கலாக ஒன்று 14 கிராம் என்றால் மொத்தம் 8.4 கிலோ. மூடியும் வளையமும் ஒன்றரைக் கிராம் வீதம் 900 கிராம். ஒன்றரை லீற்றர் பச்சைச் சோடாப் போத்தல் 40, ஒன்று 38 கிராம் வீதம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. ஒரு ரீசேர்ட்டுக்கு 150 கிராம் பொலியெஸ்டர் என்று வைத்தால், அந்த 8.4 கிலோவில் சேதாரம் போக 45 ரீசேர்ட்டுக்கான வெள்ளை நூல் இருக்கிறது. ஒன்றரைக் கிலோ பச்சையை அதற்குள் கொட்டினால் பத்துக் கிலோவும் பச்சையின் விலைக்கு இறங்கிவிடும்.

அந்த 40 போத்தலைத் தனியாக எடுக்க ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். அரைத்த பிறகு அதே பச்சையை நகமளவுச் சீவலாகப் பொறுக்க, ஒளியால் நிறம் பார்த்துக் காற்றால் ஊதித் தள்ளுகிற விலை கூடிய இயந்திரம் வேண்டும். அது இல்லாத இடத்தில் பொறுக்குகிற வேலை நானாவின் முற்றத்தில், அவருடைய வீட்டுப் பெண்களின் கைக்குத்தான் வருகிறது. அதற்குக் கூலி தனியாக இல்லை. அவர் விலையைக் குறைப்பது பிள்ளைகளை ஏமாற்ற அல்ல.

வருகிற மாதம் பாடசாலையில் மூன்று பை தொங்கவிடப் போகிறோம். நிறமில்லாததுக்கு ஒன்று, பச்சைக்கும் மற்ற நிறங்களுக்கும் ஒன்று, மூடிக்குச் சிறியதாய் ஒன்று. மூடியும் வீண் இல்லை, ஒரே இனமாகச் சேர்ந்தால் அதற்கும் வாங்குகிற ஆள் உண்டு. கல்யாணம், கத்தம் என்று வீட்டில் விசேசம் வருகிறவர்கள் சொன்னால், பை கட்டித்தரப் பிள்ளைகள் வருவார்கள். போத்தலைக் கவிழ்த்து, மூடியைக் கழற்றி, மிதித்துத் தாருங்கள்.