கலண்டர் சுவரில், பிறை கையில்



பிள்ளைகளை உறங்க வைக்க நான் கட்டிச் சொல்லும் கதைகளில் ஒன்றை உங்களிடமும் சொல்கிறேன். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் ஓர் உம்மும்மா இருந்தார். அவருடைய அடுப்படிச் சுவரில் ஒரு மாதக் கலண்டர் தொங்கும். நம் வீட்டுப் பெருநாள், அயல் வீட்டுப் பெருநாள் எதுவானாலும் அதில் குறித்து விடுவார். யாருக்கு எப்போது பலகாரம் அனுப்ப வேண்டும், யாரிடமிருந்து எப்போது வரும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும்.

நத்தாரையும் தைப்பொங்கலையும் மையால் எழுதுவார். நத்தார் டிசம்பர் 25ஐ விட்டு அசையாது. பொங்கல் ஜனவரி 14 அல்லது 15இல் வந்துவிடும். நல்லூர்க் கொடியேற்றம் ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள். அதையும் பஞ்சாங்கம் பார்த்து மையாலேயே எழுதுவார். நம் பெருநாள்களை மட்டும் பென்சிலால் எழுதுவார். "உம்மா, அது ஏன் பென்சில்?" என்று என் மகள் கேட்டாள். கதையின் உயிரே அந்தக் கேள்விதான்.

கலண்டரில் நம் பெருநாளுக்கு அச்சிட்டிருக்கும் தேதி ஒரு மதிப்பீடுதான். மாதம் 29 நாளா, 30 நாளா என்பதைப் பிறைதான் முடிவு செய்யும். பன்னிரண்டு பிறை மாதங்கள் சேர்ந்தால் 354 அல்லது 355 நாள்கள். ஆங்கில ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. அதனால்தான் நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் முன்னால் நகர்ந்து வருகிறது. 2000ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக, ஒரே கலண்டரில் இரண்டு நோன்புப் பெருநாள்கள் வந்தன. 2033இலும் அப்படி வரும் என்று சொன்னால் பிள்ளைகள் துள்ளுகிறார்கள்!

கதையில் உம்மும்மா மாதத்தின் 29ஆம் நாள் மஃரிப் நேரத்தில் முற்றத்தில் நின்று மேற்கே பார்ப்பார். பிறை தெரிந்தால் மறுநாள் முதல் நாள். மேகம் மறைத்தால் முப்பதை நிறைவாக்குவார். மழைக் காலத்தில் இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து மேகம் மறைத்தால் எண்ணிக்கை ஒரு நாள் பிந்திவிடலாம். அதைக் கண்டுபிடிக்க அவரிடம் இரண்டு வழிகள் உண்டு. நம் நாட்டுக் கலண்டர்களில் போயா நாள் குறிக்கப்பட்டிருக்கும் அல்லவா? அது முழுநிலா நாள். அவருடைய எண்ணிக்கையில் அது பதிமூன்றுக்கும் பதினைந்துக்கும் இடையில் வர வேண்டும். பன்னிரண்டில் வந்தால் எண்ணிக்கை பிந்திவிட்டது என்று பொருள். இன்னொன்று, 28ஆம் நாளிலேயே புதுப்பிறை கண்ணில் பட்டுவிட்டால், அந்த மாதத்தைத் தாமதித்துத் தொடங்கிவிட்டோம் என்று தெரியும்.

ஆனால் பெருநாளை அவர் தனியாக முடிவு செய்யமாட்டார். கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து வானொலியில் அறிவிப்பு வந்த பிறகே பென்சில் எழுத்தின் மேல் மையால் எழுதுவார்.

இனிக் கதையின் கனமான இடம். 1990 ஒக்டோபரில் தீபாவளிப் பலகாரம் அயல் வீட்டிலிருந்து வந்தது. அமாவாசை கழிந்து ரபீஉல் ஆகிர் பிறையும் தெரிந்தது. அந்தப் பிறை ஏறக்குறைய பத்து நாள் வளர்ந்திருந்தபோது, ஒக்டோபர் 30ஆம் தேதி, ஒலிபெருக்கி எல்லோரையும் ஜின்னா மைதானத்துக்கு அழைத்தது. இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். இது கதைக்காகச் சேர்த்ததல்ல, நடந்தது. உம்மும்மாவும் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். கலண்டர் சுவரிலேயே நின்றது.

"அப்ப நோன்பு வர்றது அவவுக்கு எப்படித் தெரியும்?" என்று மகள் பதறினாள்.

"நீயே எண்ணிச் சொல்லு பார்ப்போம்" என்றேன். விரல் மடித்தாள். ரபீஉல் ஆகிர் முடிய இன்னும் இருபது நாளளவு. பிறகு ஜுமாதுல் அவ்வல், ஜுமாதுல் ஆகிர், ரஜப், ஷஃபான் என்று நான்கு மாதம். அதன் பிறகு ரமழான். புத்தளத்து ஓலைக் குடிசைக்கு மேலே முழுநிலா வந்த இரவெல்லாம் உம்மும்மாவுக்குப் போயாதான்; எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொள்வார். ஷஃபான் 29இல் குடிசைக்கு வெளியே வந்து மேற்கே பார்ப்பார். அது 1991 மார்ச் மாதத்தின் நடுப்பகுதி. முகாம்களில் முதல் நோன்பு அப்போதுதான் வந்தது.

சகோதரிகளே, வெளியேற்றத்தைப் பற்றிச் சிறு பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று தயங்கும் தாய்மார் நம்மில் பலர். எனக்கு இந்தக் கலண்டர் கைகொடுத்தது. பறிபோனது என்ன என்பதையும், எவராலும் பறிக்க முடியாமல் கூடவே வந்தது என்ன என்பதையும் மகள் தன் விரல்களாலேயே எண்ணித் தெரிந்துகொண்டாள். இந்த மாதம் 29ஆம் நாள் மஃரிபுக்குப் பிறகு உங்கள் பிள்ளைகளையும் மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். கையில் ஒரு பென்சிலையும் கொடுங்கள்.