தக்காளி விலை பாதியானால் ரசம் இரண்டு மடங்காகுமா?

போன இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், 'விலை குறைந்தால் மக்கள் கூடுதலாக வாங்குவார்கள்தானே? பிறகு ஏன் விளைச்சல் கொட்டிய வருடத்தில் நமக்கு நஷ்டம் வருகிறது?' என்று கேட்டிருந்தார். அதே கேள்வியால் தூக்கம் கெட்டவன் நான்.

நான்கு வருடங்களுக்கு முன்பு தக்காளிக்கு நல்ல விலை இருந்தது. அதை நம்பி, மனைவியின் வளையலை அடகு வைத்து ஒன்றரை ஏக்கரில் நடவு செய்தேன். செடி நன்றாகக் காய்த்தது. ஆனால், 14 கிலோ பெட்டி 60 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் சேர்த்தால் பெட்டிக்கு 70 ரூபாய் செலவு. பறிப்பதை நிறுத்திவிட்டு ஆடுகளை மேய விட்டோம்.

அதன் பிறகு உழவர் சந்தை அட்டை வாங்கி, பாதி விளைச்சலை அங்கே கொண்டுபோக ஆரம்பித்தேன். அங்கே தினமும் காலையில் பலகையில் எழுதும் விலைதான் எல்லாக் கடைக்கும். விலை இறங்கினால் எல்லோருக்கும் சேர்ந்துதான் இறங்கும். பக்கத்துக் கடைக்காரரின் வாடிக்கையாளர் விலைக்காக என்னிடம் வரமாட்டார். அதனால், மக்கள் உண்மையில் எவ்வளவு கூடுதலாக வாங்குகிறார்கள் என்பது என் தராசிலேயே தெரிந்தது. நோட்டில் எழுதி வைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை தக்காளி கிலோ 40 ரூபாய். 60 கிலோ விற்றேன், 2,400 ரூபாய் வந்தது. மூன்று வாரம் கழித்து, அதே செவ்வாய்க்கிழமை கிலோ 20 ரூபாய். விற்றது 69 கிலோதான், கையில் வந்தது 1,380 ரூபாய். அன்று வழக்கமாக வரும் ஓர் அம்மாவிடம், "ரெண்டு கிலோவா வாங்கிக்கோங்கம்மா" என்றேன். "அண்ணே, சும்மா குடுத்தாலும் ஒரு நாளைக்கு ஒரு தடவைதானே ரசம் வைக்க முடியும்?" என்று சிரித்தார்.

என் கடையில் பப்பாளியும் இருந்தது. கிலோ 40 ரூபாயாக இருந்தபோது 30 கிலோ விற்று 1,200 ரூபாய் வந்தது. 30 ரூபாய்க்கு இறங்கியபோது 48 கிலோ விற்று 1,440 ரூபாய் வந்தது. விலை குறைந்தும் பணம் கூடியது.

நோட்டைப் பார்த்த என் மகள், "அப்பா, இதைத்தான் எங்க பொருளாதாரப் பாடத்தில் தேவையின் விலை நெகிழ்ச்சின்னு சொல்றாங்க" என்றாள். விற்பனை எத்தனை சதவிகிதம் மாறியதோ, அதை விலை மாறிய சதவிகிதத்தால் வகுக்க வேண்டும். தக்காளி விலை 50 சதவிகிதம் இறங்க, விற்பனை 15 சதவிகிதம் ஏறியது, நெகிழ்ச்சி 0.3. பப்பாளி விலை 25 சதவிகிதம் இறங்க, விற்பனை 60 சதவிகிதம் ஏறியது, நெகிழ்ச்சி 2.4. ஒன்றுக்குக் கீழே இருந்தால், விலை இறங்கும்போது மொத்த வரவும் இறங்கும். ஒன்றுக்கு மேலே இருந்தால் வரவு கூடும்.

காரணம் சமையலறையில் இருக்கிறது. தக்காளிக்குச் சரியான மாற்று இல்லை; ஒரு வீட்டுக்குத் தேவையான அளவும் ஏறக்குறைய ஒன்றுதான்; வாங்கிச் சேமிக்கவும் முடியாது. உப்பு இதைவிட ஒரு படி மேலே. விலை குறைந்ததென்று யாரும் குழம்பில் கூடுதலாகப் போடமாட்டார்கள். பப்பாளி அப்படியில்லை. அது இல்லாவிட்டால் கொய்யா, வாழைப்பழம் இருக்கிறது. விலை கொஞ்சம் ஏறினாலும் விட்டுவிடுவார்கள், இறங்கினால் தேடி வருவார்கள்.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருகிறேன். சந்தைக்கு 100 பெட்டி வரும்போது பெட்டி 300 ரூபாய் என்றால், மொத்தம் 30,000 ரூபாய். வரத்து 10 பெட்டி கூடினால், அதை விற்றுத் தீர்க்க விலை மூன்றில் ஒரு பங்கு இறங்க வேண்டியிருக்கும். 110 பெட்டி, 200 ரூபாய், மொத்தம் 22,000 ரூபாய். கூடுதலாக விளைவித்து, குறைவாக வாங்கிக்கொண்டு போகிறோம். இதுவே திரும்பியும் நடக்கும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோதும் மக்கள் அரை கிலோ, கால் கிலோ என்று குறைத்தார்களே தவிர, நிறுத்தவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இது என் சந்தைக் கணக்கு. உங்கள் ஊரில் எண் மாறும். ஒப்பிடும்போது கிழமையும் ஒன்றாக இருக்க வேண்டும், இடையில் பண்டிகையோ முகூர்த்தமோ வரக்கூடாது. இல்லாவிட்டால் கல்யாண வீட்டு விற்பனையை விலையின் வேலை என்று நினைத்துவிடுவோம்.

இப்போது அரை ஏக்கர் மட்டும் தக்காளி. விலை நன்றாக இருக்கும் நாளில்தான் எனக்குப் பயம் அதிகம். நடுவதற்கு முன்பு நாற்றுப்பண்ணைக்காரரிடம், "இந்த மாதம் எத்தனை தட்டு தக்காளி நாற்று போச்சு?" என்று கேட்பேன். வழக்கத்தைவிட அதிகம் என்றால், இரண்டு மாதம் கழித்துச் சந்தையில் கூடப்போவது அந்தப் பத்துப் பெட்டிதான். அந்த முறை நான் நடுவதில்லை. போன வருடம் வளையலை மீட்டாகிவிட்டது.