முடி தெரிகிற மாதிரி

போர்ட்ரெய்ட் மோடில் எடுத்த ஏதாவது ஒரு படத்தைத் திறந்து, தலைமுடியின் ஓரத்தை மட்டும் விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். ஒன்று, வெளியே நீட்டிக்கொண்டிருந்த முடிகளைக் காணோம். கத்தரிக்கோலால் வளைத்து வெட்டினதுபோல மண்டை வழவழவென்று முடிந்திருக்கும். இன்னொன்று, முடிக்கு நடுவே பின்னாலிருந்த சுவரோ ஜன்னல் கம்பியோ மங்காமல் பளிச்சென்று ஒட்டிக்கொண்டிருக்கும். பார்க்க வேறுவேறாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். முதலாவதில் முடியைப் பின்னணி என்று போன் நினைத்திருக்கிறது, இரண்டாவதில் பின்னணியை முடி என்று நினைத்திருக்கிறது.

இதை நான் உட்கார்ந்து யோசித்தது பெரியம்மாவால். கீமோ முடிந்து ஐந்தாவது மாதம் அவர் வீட்டுக்கு வந்திருந்தார். அதுவரை யாரையும் போட்டோ எடுக்க விட்டதில்லை, குடும்ப குரூப்பில் வீடியோ கால் வந்தால்கூட எழுந்து போய்விடுவார். அன்றைக்கு மொட்டைமாடியில் அவராகவே, "டேய், ஒரு போட்டோ எடுடா. முடி தெரியிற மாதிரி எடு," என்றார். முன்பு இடுப்புவரை நேராக இருந்த முடி, இப்போது ஒன்றரை சென்டிமீட்டருக்கு நரைத்த சுருளாக வந்திருந்தது. கீமோவுக்குப் பிறகு சிலருக்கு முடி இப்படிச் சுருண்டு வருவதுண்டு. எடுத்தேன். சிரிப்பு அவ்வளவு அழகாக வந்திருந்தது. படத்தை வாங்கிப் பார்த்தவர், "என்னடா, வழிச்சு விட்ட மாதிரி இருக்கு," என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காயப்போட்ட துணியை எடுக்கப் போய்விட்டார். மறுநாள் காலையில் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

ஏன் அப்படி ஆயிற்று என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். பெரிய கேமராவில் பின்னணியை மங்கவைப்பது லென்ஸ். போனின் லென்ஸும் சென்சாரும் மிகச் சிறியவை, அவற்றால் அந்த அளவுக்கு மங்கவைக்க முடியாது. அதனால் போன் எல்லாவற்றையும் தெளிவாக எடுத்துவிட்டு, எது பக்கம் எது தூரம் என்று ஒரு வரைபடம் தயாரித்து, தூரத்தில் இருப்பதை மென்பொருளால் கலைக்கிறது. 2016இல் வந்த ஐபோன் 7 பிளஸ் இரண்டு லென்ஸ்களின் பார்வை வித்தியாசத்தை வைத்து இதைச் செய்தது. அடுத்த ஆண்டு வந்த பிக்சல் 2, பின்பக்கம் ஒரே லென்ஸை வைத்துக்கொண்டு, ஆள் எது என்று நியூரல் நெட்வொர்க்கால் கண்டுபிடித்தது.

அந்த வரைபடத்துக்கு டெப்த் மேப் என்று பெயர். அது படத்தைவிட மிகச் சிறியது. பெரியம்மா படத்தின் அகலம் 3024 பிக்சல். அதில் அடங்கிய காட்சியின் அகலம் சுமார் 60 சென்டிமீட்டர். அப்படியென்றால் ஒரு பிக்சலுக்கு 0.2 மில்லிமீட்டர். ஒரு முடியின் தடிமன் அதில் பாதிகூட இல்லை. டெப்த் மேப்பின் அகலமோ வெறும் 576. அதில் ஒரு கட்டம் என்பது ஒரு மில்லிமீட்டருக்கும் மேல். ஒரு மில்லிமீட்டர் கட்டத்துக்குள் நாலைந்து நரைமுடியும், நடுவே இடைவெளியும், இடைவெளி வழியே பின்னாலிருந்த வேப்பமரமும் இருந்தால், அந்தக் கட்டம் பக்கமா தூரமா? போன் ஏதோ ஒரு பதிலைச் சொல்லியாக வேண்டும். மரம் என்று சொல்லிவிட்டது. புதிய போன்கள் முடிக்கென்றே தனியாக, இன்னும் நுணுக்கமான ஒரு மாஸ்க் தயாரிக்கின்றன. ஆனாலும் அடர்த்தியில்லாத புது முடியில் அவையும் தடுமாறுகின்றன.

நல்ல விஷயம், அசல் படத்தில் முடி அப்படியே இருக்கிறது. பல போன்களில் போர்ட்ரெய்ட் படத்தை எடிட் செய்யத் திறந்து, மங்கலை அணைத்தாலோ அளவைக் குறைத்தாலோ அசல் வந்துவிடும். எடுத்த போனில் இதைச் செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் மங்கல் படத்தோடு ஒட்டிப்போயிருக்கும், பின்னால் போக வழியில்லை.

முதலில் சுலபமானதைச் செய்து பார்த்தேன். எஃப் எண்ணை 2.8இலிருந்து 5.6க்கு ஏற்றினேன். மங்கல் குறையும்போது தப்பும் குறைந்து தெரியும். கண்ணுக்கு உறுத்தாத பல படங்களுக்கு இவ்வளவே போதும். இங்கே போதவில்லை. முடி கொஞ்சம் எட்டிப் பார்த்தது, கூடவே பின்னால் தண்ணீர்த் தொட்டியும் எட்டிப் பார்த்தது.

எனவே லேப்டாப்பில் ஜிம்ப். அடியில் மங்கலான படம், மேலே அசல். மேல் லேயருக்கு `Black (full transparency)` என்று மாஸ்க் போட்டால் அசல் முழுக்க மறைந்துவிடும்; பிறகு மாஸ்க்கில் வெள்ளைப் பிரஷ்ஷால் தடவுகிற இடத்தில் மட்டும் அசல் தெரியும். எல்லாரும் சொல்லித்தரும் வழி இதுதான். முடி ஓரத்தில் தடவினேன். முடி வந்தது, ஆனால் முடியோடு தெளிவான வேப்பிலைகளும் வந்து தலையைச் சுற்றி ஒரு வளையம் போல நின்றன. சாமி படம் மாதிரி.

காரியத்தை முடித்துக்கொடுத்தது லேயரின் `Mode`. அதை `Lighten only` என்று மாற்றினேன். இந்த மோடில் மேல் லேயரும் கீழ் லேயரும் ஒவ்வொரு பிக்சலிலும் போட்டிபோடும், வெளிச்சமானது ஜெயிக்கும். நரைமுடி, மங்கிய பச்சையைவிட வெளிச்சம், அதனால் நிற்கிறது. இருண்ட இலையும் நிழலும் மங்கிய பச்சையைவிட இருட்டு, அதனால் தோற்றுப்போகின்றன. முடி வருகிறது, மரத்தின் பெரும்பகுதி வருவதில்லை. கறுப்பு முடி, வெளிறிய சுவர் என்றால் இதையே தலைகீழாக, `Darken only`. முடியும் பின்னணியும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் இரண்டுமே உதவாது.

பிரஷ் அளவு 100 பிக்சல். ஒன்றரை சென்டிமீட்டர் முடி என்பது படத்தில் 75 பிக்சல். அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஓரம் மென்மையான பிரஷ், அடர்த்தி 30 சதவீதம், ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை. ஒரேயடியாக 100 வைத்துத் தடவினால் எங்கே தொடங்கி எங்கே முடித்தோம் என்பது கோடுபோலத் தெரிந்துவிடும். அடியிலிருந்த படத்தில் முடி கலைந்து ஒரு சாம்பல் புகையாகப் படர்ந்திருந்தது. அது தொல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அதன்மேல் நிஜமான சுருள்கள் வந்து உட்கார்ந்ததும் அது பின்வரிசை முடியாகத் தெரிய ஆரம்பித்தது.

சிக்கினது வலது காதுக்கு மேலே. அங்கே இலைகளுக்கு நடுவே வானம் பொட்டுப்பொட்டாகத் தெரிந்தது. வானம் நரைமுடியைவிட வெளிச்சம், போட்டியில் அது ஜெயித்து வெள்ளைத் துண்டுகளாக வந்து நின்றது. பிரஷ்ஷை 10 பிக்சலுக்குக் குறைத்து, மாஸ்க்கில் கறுப்பால் ஒவ்வொரு பொட்டாக அழித்தேன். அழிக்கும்போது அந்த இடத்து முடியும் கொஞ்சம் போயிற்று. ஒரு மணிநேர வேலையில் இதற்கே முக்கால் மணிநேரம். இரண்டடி தள்ளி, இலை அடர்த்தியாக இருந்த பக்கம் அவரை நிற்கவைத்திருந்தால் இந்த வேலையே இருந்திருக்காது. முடிக்குப் பின்னால் வானப் பொட்டு இருக்கிறதா என்று இப்போதெல்லாம் முகத்துக்கு முன்பே அதைத்தான் பார்க்கிறேன்.

400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் காதுக்கு மேலே இப்போதும் ஒரு சொட்டை தெரியும். ஆனால் ஸ்டுடியோவில் 6×4 அங்குலம், 300 டிபிஐயில் பிரிண்ட் போட்டால் படத்தின் 3024 பிக்சல் 1200ஆகச் சுருங்கிவிடும். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றாகக் கலக்கும்போது அந்தச் சொட்டை நாலைந்து முடி விலகிய இடம்போல ஆகிவிடுகிறது. அந்த அளவில் பார்த்துத்தான் நிறுத்தினேன். பிரிண்ட்டைக் கூரியரில் அனுப்பினேன். "நெத்திப்பக்கம் இன்னும் கொஞ்சம் வளரணும்," என்றார் போனில். அது போட்டோவைப் பற்றி இல்லை.