பல்செட் இல்லாத நேரத்து ஃபேன்

விடியற்காலையில் ஃபேன் காற்று குளிரும்போது அம்மாவால் எழுந்து சுவிட்சு வரை நடக்க முடிவதில்லை. மூட்டு வலி. எங்களை எழுப்பவும் மனம் வராமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடப்பார். அவருக்காகத்தான் ஒரு ராஸ்பெர்ரி பை 4 பலகையைக் கட்டிலருகே வைத்து, ஃபேனையும் லைட்டையும் ரிலே வழியாக அதனுடன் இணைத்தோம். 230 வோல்ட் பக்கத்து வேலை முழுவதையும் எலக்ட்ரீஷியன் செய்துகொடுத்தார். இந்தப் பலகையில் மைக்குக்கு இடமில்லை, அதிலுள்ள 3.5 மி.மீ. துளை ஒலியை வெளியே அனுப்புமே தவிர உள்ளே வாங்காது. அதனால் தனியாக ஒரு யுஎஸ்பி மைக்.

படுக்கையறையில் இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் மைக் அது. அதில் விழும் பேச்சு வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். பேச்சை எழுத்தாக்கும் வேலை பலகைக்குள்ளேயே நடந்தாக வேண்டும்.

2022இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பருக்குத் தமிழ் தெரியும். ஆனால் அது ஒலியை 30 விநாடித் துண்டாக வாங்கிக்கொள்வது. இரண்டே சொல்லைச் சொன்னாலும் மீதியை மௌனத்தால் நிரப்பிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். சின்னப் பலகையில் அது காத்திருப்பாக முடிகிறது. அதன் மிகச் சிறிய வடிவத்தின் தமிழும் நம்பும்படி இல்லை. வோஸ்க் வேறு வகை. பேசப் பேசவே கேட்டுக்கொண்டு வரும். அதன் சிறிய ஆங்கில மாடல் சுமார் 40 எம்பிதான். ஆங்கிலமா என்று யோசிக்க வேண்டியதில்லை. லைட், ஃபேன், ஆன், ஆஃப் எல்லாம் அம்மா தினமும் சொல்லும் சொற்கள்.

இந்தச் சிறிய மாடலின் பெரிய வசதி, கேட்க வேண்டிய சொற்களை நாமே வரையறுத்துக் கொடுக்கலாம் என்பது. பல்லாயிரம் சொற்களுக்குள் தேடாமல் கொடுத்த நாலைந்துக்குள் மட்டும் தேடும். அதனால் வேகமும் கூடும், பிழையும் குறையும். ஆனால் பட்டியலில் வெறும் கட்டளைகள் மட்டும் இருந்தால், சீரியல் வசனம், இருமல் என்று எது காதில் விழுந்தாலும் அதை ஏதோ ஒரு கட்டளையாகவே ஆக்கிவிடும். எங்கள் வீட்டில் டிவி ஓடும்போதெல்லாம் லைட் தானாக எரிந்து அணைந்தது இதனால்தான். ‘இவற்றில் எதுவுமில்லை’ என்று சொல்ல அதற்கு ஒரு வழி விட வேண்டும். `[unk]` என்பது அந்த வழி.

பகலில் எல்லாம் சரியாக நடந்தது. இரவில்தான் ‘ஃபேன் ஆஃப்’ எடுபடவில்லை. `arecord` கொண்டு அம்மாவின் குரலைப் பதிந்து கேட்டபோது காரணம் தெளிவாகக் கேட்டது. தூங்கப் போகுமுன் அம்மா பல்செட்டைக் கழற்றிவிடுவார். மேல்பல் கீழுதட்டில் படாமல் ‘ஃப’ பிறக்காது. ‘ஃபேன்’ ‘பேன்’ ஆகிறது, ‘ஆஃப்’ ‘ஆ’வோடு நின்றுவிடுகிறது. பல் இருந்தாலும் ‘ஃப’ மெலிந்த காற்றொலிதான். ஓடும் ஃபேனின் இரைச்சல் அதை எளிதில் மூடிவிடும். ‘ஆன்’, ‘ஆஃப்’ இரண்டையும் பிரித்துக் காட்டுவது கடைசி மெய்யெழுத்து மட்டுமே. அது கேட்காவிட்டால் பலகை எதைக் கண்டு முடிவு செய்யும்?

அம்மாவின் வாயை மாற்றச் சொல்வதைவிடப் பட்டியலை மாற்றுவது நியாயம். ஆஃப் போய் ஸ்டாப் வந்தது. ‘ஸ’ மங்கினாலும் ‘டாப்’ மிஞ்சும். ஃபேனுக்குப் பக்கத்தில் பேனும் உட்கார்ந்தது.

```python
words = '''["fan on", "fan stop", "pan on", "pan stop",
 "light on", "light stop", "[unk]"]'''
rec = KaldiRecognizer(model, 16000, words)
```

`pan` என்று வந்தாலும் `fan` என்று வந்தாலும் ஒரே ரிலேதான் இயங்கும். மாடலின் அகராதியில் இல்லாத சொல்லை இப்படிச் சேர்க்க முடியாது. சேர்த்தால் திரையில் ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு அதை விட்டுவிடும். ‘நிறுத்து’ என்று தமிழிலேயே வைக்க முடியாமல் போனது அதனால்தான். மைக்கையும் அலமாரியிலிருந்து தலையணைப் பக்கம், ஃபேன் காற்று நேராக அடிக்காத இடத்துக்கு நகர்த்தினோம். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அறையின் இரைச்சலோ அப்படியே இருக்கும்.

`[unk]` சேர்த்ததோடு டிவி தொல்லை முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. வாக்கியத்துக்கு நடுவே வரும் ‘லைட்’டும் ‘ஆனு’ம் `[unk] light on [unk]` என்று வெளிவரும். முன்னும் பின்னும் வேறெதுவும் ஒட்டாமல் கட்டளை தனியாக வந்தால் மட்டும் ரிலேயைத் தொடு என்று ஒரு நிபந்தனை போட்டதும் டிவி அடங்கியது. ஆனால் அம்மாவும் அதில் சிக்கினார். “கொஞ்சம் பேன் ஸ்டாப் பண்ணுப்பா” என்றுதான் அவருக்குச் சொல்ல வரும். வெறுமனே இரண்டு சொல்லை எறிவது அவருக்குப் பழக்கமில்லை.

“அதட்டுற மாதிரி இருக்குப்பா” என்றார்.

இரவு பத்துக்கு மேல் எங்கள் வீட்டில் டிவி கிடையாது. அதனால் பத்திலிருந்து காலை ஆறு வரை அந்த நிபந்தனையை எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் ‘கொஞ்ச’மும் ‘பண்ணுப்பா’வும் ஒட்டிக்கொண்டு வந்தாலும் ஃபேன் நிற்கிறது.